பூஜ்ஜியம் வாங்கிய பிள்ளையும் ‘ஒன்று’ வாங்கிய பிள்ளையும்: சோசியோமெட்ரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் யூ.பி. பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்கு கிளாஸ் டீச்சராக இருக்கிறேன். பக்கத்துப் பள்ளி டீச்சர்கள், மாஷ்மார், புதிதாக பி.எட். முடித்து வந்த பிள்ளைகள் என்று பலரும் சோசியோமெட்ரியைப் பற்றி, அதாவது யாரோடு சேர ஆசை என்று பிள்ளைகளிடம் சீட்டில் எழுதி வாங்கி எண்ணும் முறையைப் பற்றி, என்னிடம் கேட்டதை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கீழே வரும் பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது, ரோல் நம்பர் மட்டும்தான், அதையும் மாற்றிவிட்டேன்.

கிளாஸ்ல யாரு தனியா இருக்காங்கன்னு பார்த்தாலே தெரியாதா டீச்சர்? இதுக்கு ஒரு டெஸ்ட் வேணுமா?

பாதி தெரியும். சண்டை போடுகிற பிள்ளை, தினமும் ‘டீச்சரே, இவன் என்னை...’ என்று யாராவது புகார் கொண்டுவருகிற பிள்ளை, இவர்களெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுவார்கள். தெரியாமல் போவது மற்ற பாதி. என் வகுப்பில் 9-ஆம் நம்பர் ஒரு பெண் பிள்ளை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஹோம்வொர்க் தவறாது, சோற்றுக்கு வரிசையில் நின்றால் யாரையும் இடிக்க மாட்டாள். டெஸ்ட் எடுப்பதற்கு முந்தைய நாள் என்னிடம் கேட்டிருந்தால் ‘அவளுக்கென்ன, எல்லாரோடும் நன்றாகத்தான் இருக்கிறாள்’ என்று சொல்லியிருப்பேன். 28 பேர் வகுப்பில் ஒருவர்கூட அவள் பெயரை எழுதவில்லை.

நமக்குத் தொந்தரவு தராத பிள்ளை நம் கண்ணிலும் படுவதில்லை, மற்ற பிள்ளைகள் கண்ணிலும் படுவதில்லை. அதைப் பிடிக்கத்தான் இந்தச் சீட்டு.

சோசியோமெட்ரின்னா அம்பு போட்டு வட்டம் வரையறதுதானே? பி.எட்.ல படிச்சது.

வட்டமும் அம்பும் கடைசியில் வருகிற படம், பிள்ளைக்கு ஒரு வட்டம், அது யார் பெயரை எழுதியதோ அந்த வட்டத்துக்கு ஒரு அம்பு, அதற்கு சோசியோகிராம் என்று பெயர். முறை அதற்கு முன்னால் இருக்கிறது. ஒரு குழுவில் யார் யாரோடு சேர விரும்புகிறார்கள் என்று அந்தக் குழுவில் இருப்பவர்களிடமே கேட்டு எண்ணிப் பார்ப்பது, அவ்வளவுதான். ஜேக்கப் மொரீனோ என்ற மனநல மருத்துவர் 1930-களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் இருந்த பெண் பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளியில், ஹெலன் ஜென்னிங்ஸ் என்பவரோடு சேர்ந்து இதைப் பெரிய அளவில் செய்தார். யார் எந்தக் குடிலில் தங்குவது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்காகக் கேட்டார்கள். அவர் விடாமல் சொன்ன ஒரு விஷயம், கேட்டால் அதன்படி செய்ய வேண்டும் என்பது. கேட்டுவிட்டு ஃபைலில் வைத்தால் அது சோசியோமெட்ரி இல்லை. நம் ஊர் பி.எட். ரெக்கார்டு நோட்டில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவதுதான்.

என்ன கேள்வி கேக்கணும், எத்தனை பேரை எழுதச் சொல்லணும்?

‘உனக்கு யாரைப் பிடிக்கும்’ என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் யோசிக்காமல் கிளாஸ் லீடர் பெயரையோ நன்றாகப் படிக்கிறவர் பெயரையோ எழுதித் தள்ளிவிடுவார்கள். நடக்கப்போகிற ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள். நான் ஜூலை கடைசியில் கேட்டது இது: ‘ஓணத்துக்குப் பூக்களம் போட குழு பிரிக்கப்போகிறேன். யாரோடு சேர்ந்து போட உனக்கு ஆசை? மூன்று பேர் எழுது, முதல் ஆசை முதலில்.’ ஜூன் மாதமே கேட்காதீர்கள், விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் பழையபடி கலக்க ஆறேழு வாரமாவது ஆகும்.

மூன்று என்பது வசதியான எண்ணிக்கை. ஒன்றே ஒன்று கேட்டால் நெருங்கிய தோழி மட்டும்தான் வருவாள், இரண்டாம் இடத்தில் இருக்கிற பாதிப் பேர் காணாமல் போவார்கள். ஆறேழு கேட்டால் இடத்தை நிரப்புவதற்காக எழுதுவார்கள். கரும்பலகையில் எல்லார் பெயரும் ரோல் நம்பரும் எழுதிப்போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு லீவு போட்ட பிள்ளையை எல்லாரும் மறந்துவிடுவார்கள். வராதவர்களிடம் மறுநாள் தனியாக எழுதி வாங்குங்கள்.

எப்போது எழுதச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். நான் முதல்முறை செய்த வருஷம் இன்டர்வெல்லுக்கு முந்தைய பீரியடில் சீட்டைக் கொடுத்து வாங்கினேன். மணி அடித்ததும் வராந்தாவில் ‘நீ என்னை எழுதினியா, நான் உன்னை எழுதினேனே’ என்று ஒரே கணக்குப் பார்ப்பு, ஒரு பெண் சாயங்காலம்வரை அழுதாள். என் தப்புதான். இப்போது எழுதி முடித்த கையோடு அவர்கள் மூழ்கிப்போகிற ஒரு வேலையைக் கொடுக்கிறேன், படம் வரைவதோ கணக்குப் புதிரோ ஏதோ ஒன்று. இன்டர்வெல்லுக்குள் சீட்டு மறந்துபோயிருக்கும்.

‘யாரோட சேரப் பிடிக்காது’ன்னும் கேக்கலாமா? அது இல்லாம எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, இந்த விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. 

பிடித்தவர்களை மட்டும் கேட்டால் பூஜ்ஜியம் வாங்கிய இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி தெரிவார்கள். ஆனால் ஒருவர் யாருடைய நினைப்பிலும் இல்லாதவர், இன்னொருவர் எல்லார் நினைப்பிலும் இருக்கிறார், ‘வேண்டாம்’ என்று இருக்கிறார். ஒருவருக்குச் செய்வது மற்றவருக்கு வேலைக்கு ஆகாது. 1982-ல் கோயி, டாட்ஜ், கொப்போடெல்லி என்ற மூவர் இதை வைத்துத்தான் பிள்ளைகளைப் பிரித்தார்கள்: பலரும் விரும்புகிறவர், ஒதுக்கப்பட்டவர், கண்ணில் படாதவர், பாதிப் பேருக்கு உயிராகவும் பாதிப் பேருக்கு வேம்பாகவும் இருப்பவர், அப்புறம் நடுத்தரம். அவர்கள் ‘பிடித்தவர் மூவர், பிடிக்காதவர் மூவர்’ என்று இரண்டையும் கேட்டார்கள்.

ஆராய்ச்சிக்கு அது சரி, ஆனால் வகுப்பில் ஒரு டீச்சரே ‘பிடிக்காத மூன்று பேர் பெயரை எழுது’ என்று சொல்வது, யாரையும் வெறுக்காத பிள்ளையையும் மூன்று பேரைத் தேட வைப்பதுதான். நான் செய்வதில்லை. அதற்குப் பதில் 1986-ல் ஆஷரும் டாட்ஜும் சோதித்துக் காட்டிய வழி ஒன்று இருக்கிறது. வகுப்பில் இருக்கிற எல்லார் பெயரும் அச்சடித்த தாளைக் கொடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘இவரோடு சேர்ந்து விளையாட எவ்வளவு பிடிக்கும்’ என்று 1 முதல் 5 வரை ஒரு எண்ணை வட்டமிடச் சொல்வது. யாருக்கும் 1 போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்புறம் ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை ‘1’ விழுந்திருக்கிறது என்று எண்ணினால், அது ‘பிடிக்காதவர்’ ஓட்டுக்குப் பதிலாக நிற்கிறது. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பொறுத்தவரை இரண்டு வழியும் பெரும்பாலும் ஒரே ஆட்களைத்தான் காட்டின. இரண்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம், மூவரை எழுதும் சீட்டு ஒரு நாள், எண் போடும் தாள் மறுநாள்.

எண்ணி முடிச்சாச்சு. இப்ப இதை எப்படிப் படிக்கிறது?

என் வகுப்புக் கணக்கையே சொல்கிறேன். 28 பேர், பையன்கள் 13, பெண்கள் 15. ஆளுக்கு மூன்று பெயர் எழுதினால் 84 ஓட்டு, அதாவது ஒரு பிள்ளைக்குச் சராசரி 3. எண் போட்ட தாள்களில் மொத்தம் 112 ‘ஒன்று’கள், அதன் சராசரி 4. ஓட்டின் திட்டவிலக்கம் சுமார் 2, ஒன்றுகளின் திட்டவிலக்கம் சுமார் 3.5. திட்டவிலக்கம் என்றதும் ஓட வேண்டாம், ஆபீஸ் கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தால் ஒரே வரி. ஓட்டு B பத்தியில் இருந்தால் பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டு கீழே இழுங்கள், ஒன்றுகளுக்கும் இதே மாதிரி:

```
=(B2-AVERAGE(B$2:B$29))/STDEV.P(B$2:B$29)
```

சராசரியிலிருந்து அந்தப் பிள்ளை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைத்தான் இது சொல்கிறது. இப்போது இரண்டு பிள்ளைகளைப் பாருங்கள்.

9-ஆம் நம்பர்: ஓட்டு 0, ஒன்றுகள் 1. ஓட்டில் –1.5, ஒன்றில் ஏறக்குறைய –0.9.

21-ஆம் நம்பர், பையன்: ஓட்டு 1, ஒன்றுகள் 14. ஓட்டில் –1, ஒன்றில் ஏறக்குறைய +2.9.

இரண்டையும் கூட்டினால் வகுப்பின் நினைப்பில் அந்தப் பிள்ளை எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். 9-க்கு –2.4, ஆளே இல்லாத மாதிரி. 21-க்கு +1.9, எல்லாருக்கும் அவனைப் பற்றி ஏதோ ஒரு கருத்து இருக்கிறது. ஓட்டின் எண்ணிலிருந்து ‘ஒன்று’களின் எண்ணைக் கழித்தால் விருப்பமா வெறுப்பா என்று தெரியும். 9-க்கு –0.6, வெறுப்பு என்று சொல்ல முடியாது. 21-க்கு –3.9. (முறைப்படி செய்கிறவர்கள் இந்தக் கூட்டலையும் கழித்தலையும் இன்னொரு முறை அதே சூத்திரத்தில் போட்டு, –1-க்குக் கீழே, +1-க்கு மேலே என்று கோடு கிழிப்பார்கள். இவ்வளவு தள்ளி நிற்கிற பிள்ளைக்கு அது தேவைப்படாது, எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்குத்தான் தேவை.) வெறும் ஓட்டு மட்டும் எண்ணியிருந்தால் 0-ம் 1-ம் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கும், இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ‘ஃப்ரெண்ட்ஸ் ஆகுங்க’ என்று சொல்லியிருப்பேன்.

இரண்டு எச்சரிக்கை. ஆறாம் வகுப்பில் பையன்கள் பெண்களுக்கும் பெண்கள் பையன்களுக்கும் சும்மாவே 1 போடுவார்கள், அந்த வயசு அப்படி. ஆகவே ஒன்றுகளை யார் போட்டது என்று பிரித்துப் பாருங்கள். 21-க்கு விழுந்த 14-ல் 6 பெண்கள் போட்டது, அதைத் தள்ளினாலும் 12 பையன்களில் 8 பேர் போட்டிருக்கிறார்கள், ஆக சந்தேகமே இல்லை. இரண்டாவது, பரஸ்பரம் இருக்கிறதா என்று பாருங்கள். 21-க்கு விழுந்த அந்த ஒரே ஓட்டு 5-ஆம் நம்பர் போட்டது, 21-ம் 5-ஐத்தான் முதலில் எழுதியிருந்தான். வகுப்பு ஒதுக்குகிற பிள்ளைக்கும் ஒரு நண்பன் இருக்கலாம், வகுப்பே விரும்புகிற பிள்ளைக்கு நெருக்கமாக ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு கணக்கு. அந்த ஒரு நண்பன் இருப்பதைத் தெரியாமல் குழு பிரிக்கும்போது பிரித்துவிட்டால் உள்ளதும் போச்சு.

எங்க கிளாஸ்ல படம் வரைஞ்சா ரெண்டு கூட்டமா நடுவுல ஒரு அம்புகூட இல்லாம பிரிஞ்சு நிக்குது. இதுல யாரு ஒதுக்கப்பட்டவங்க?

தனிப் பிள்ளை யாரும் இல்லை, பிளவுதான் அங்கே பிரச்சினை. அந்தக் கோடு எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். பள்ளி வேனில் வருகிறவர்கள், நடந்து வருகிறவர்கள் என்று பிரிந்தால் அது சுலபம். ஆனால் காலனிப் பிள்ளைகள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று விழுந்தால் அதைப் பிள்ளைகளின் ‘பழகும் திறன்’ கணக்கில் எழுதாதீர்கள், அது அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அங்கே எந்தப் பிள்ளைக்கும் தனியாகப் பயிற்சி கொடுப்பதில் அர்த்தம் இல்லை. சோறு பரிமாறுவது, லேப் சாமான் எடுப்பது, தண்ணீர் பிடிப்பது உட்பட எல்லா முறைப்பட்டியலையும் கலந்து போட வேண்டும், அது டீச்சர் கையில் இருக்கிற வேலை.

சரி, அந்த 9-ஆம் நம்பர் பிள்ளைக்கு என்ன செஞ்சீங்க?

முதலில் ஏன் என்று பார்த்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளும் இன்னொருத்தியும் மட்டும் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். போன வருஷம் அந்தத் தோழி டி.சி. வாங்கிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய்விட்டாள். அதற்குள் மற்றவர்களெல்லாம் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள், இவளுக்கு எந்தக் கூட்டத்திலும் இடம் இல்லாமல் போய்விட்டது. யாரோடும் சண்டை இல்லை, யாருக்கும் வெறுப்பும் இல்லை. தனியாக இருப்பதே பிடித்திருக்கிற பிள்ளையும் உண்டு என்பதால் ஒருநாள் நோட்டு அடுக்குகிற சாக்கில் பேச்சுக் கொடுத்தேன். ‘மத்தியானம் சாப்பிட்டு முடிச்சா மணி அடிக்கிற வரைக்கும் ரொம்ப நேரமா இருக்கு டீச்சர்’ என்றாள். போதும், புரிந்துவிட்டது.

இந்த மாதிரிப் பிள்ளைக்குப் பெரும்பாலும் புது ஆட்கள் கிடைத்தால் போதும். 1983-ல் கோயியும் கூப்பர்ஸ்மிட்டும் நான்காம் வகுப்புப் பையன்களைச் சிறு சிறு விளையாட்டுக் குழுக்களாகப் பிரித்தார்கள், சில குழுக்களில் தெரிந்த பையன்கள், சிலவற்றில் முன்பின் தெரியாதவர்கள். பள்ளியில் கண்ணில் படாமல் இருந்த பையன்கள் தெரியாதவர்கள் நடுவே கொஞ்சம் கலகலப்பாகவே ஆகிவிட்டார்கள். ஆனால் ஒதுக்கப்பட்ட பையன்கள் மூன்று சந்திப்புக்குள் புது இடத்திலும் ஒதுக்கப்பட்டவர்களாகவே ஆனார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

ஆகவே 9-க்கு நான் செய்தது சின்ன வேலைதான். பூக்களக் குழுவில் அவள் முதலில் எழுதியிருந்த பெண்ணோடு அவளைப் போட்டேன். யாரும் தேர்ந்தெடுக்காத பிள்ளைக்கு அதன் முதல் ஆசையைக் கொடுத்துவிடுவது என்பது குழு பிரிப்பதில் நான் எப்போதும் கடைப்பிடிக்கிற வழக்கம், பத்துப் பேர் எழுதிய பிள்ளைக்கு எந்தக் குழுவும் சரிப்பட்டு வரும். கூடவே மலையாள டிவிஷன் பிள்ளைகள் நாலு பேரையும் அதே குழுவில் சேர்த்தேன், அவர்களுக்கு இவள் புது ஆள். பூக்களத்துக்கு முதலில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் வரைய வேண்டும், நூலைக் கட்டி நடுவில் ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் சுற்ற வேண்டும், தனியாகச் செய்யவே முடியாத வேலை. நூலின் நடு முனை இவள் கையில். பூ கிள்ளுகிற இரண்டு மணி நேரத்தில் அவள் பேசியதை நான் இரண்டு வருஷத்தில் கேட்டதில்லை. செண்டுமல்லி இதழை வேகமாக உதிர்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது, காம்பை முறுக்கி ஒரே இழுப்பு. நாலு பேர் கற்றுக்கொண்டார்கள்.

செய்யக்கூடாத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். ‘எல்லாரும் இவளோட பேசுங்க, இவளுக்கு ஃப்ரெண்ட்ஸே இல்ல’ என்று வகுப்பில் அறிவிக்காதீர்கள். அதுவரைக்கும் யார் கண்ணிலும் படாதவள் அன்றிலிருந்து ‘ஃப்ரெண்ட் இல்லாதவள்’ ஆகிவிடுவாள்.

ஒதுக்கப்பட்ட பையன்? அவனையும் நல்ல குரூப்ல போட்டா சரியாகிடாதா?

மேலே சொன்ன மூன்று சந்திப்பு ஞாபகம் இருக்கிறதா? குழுவை மாற்றினால் அவன் அதே நடத்தையை எடுத்துக்கொண்டு அங்கேயும் போவான். அதனால் முதலில் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். நான் ஐந்து நாள் இன்டர்வெல்லில் ஸ்டாஃப்ரூம் ஜன்னலோரம் டீயை வைத்துக்கொண்டு பத்துப் பத்து நிமிஷம் பார்த்தேன்.

பையன்கள் பிளாஸ்டிக் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். 21 நேராக நடு மைதானத்துக்குள் போவான். ‘நான் பேட்டிங்’ என்பான். யாரும் பேட்டைக் கொடுக்க மாட்டார்கள். ‘இது அவுட்டே இல்ல, எங்க வீட்டுப் பக்கம் இப்படி ரூல் கிடையாது’ என்பான். அப்புறம் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவான், அவர்கள் துரத்துவார்கள், அவனுக்குச் சிரிப்பு. துரத்துவதை அவன் விளையாட்டு என்று நினைக்கிறான். ஐந்து நாளில் நாலு நாள் இதே கதை. ஆட்டத்துக்குள் நுழையத் தெரியாததுதான் அவன் பிரச்சினை, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் கூட்டத்துக்குள் நுழையும் விதத்தை வைத்து நடந்த ஆய்வுகளிலும் இதேதான் வந்தது: நடக்கிற விளையாட்டோடு ஒட்டாமல் தன்னைப் பற்றிப் பேசுவது, மறுத்துப் பேசுவது, கவனத்தைத் தன்மேல் இழுப்பது. எல்லா ஒதுக்கப்பட்ட பிள்ளையும் இப்படி இல்லை. கை நீட்டுகிறவன் உண்டு, பயந்து ஒடுங்குகிறவன் உண்டு, வாடை அடிக்கிற யூனிஃபார்முக்காக ஒதுக்கப்படுகிற பிள்ளையும் உண்டு, அதற்கு வேண்டியது சோப்பு, பயிற்சி இல்லை. பார்க்காமல் மருந்து கொடுக்காதீர்கள்.

இவனுக்கு நான் எடுத்துக்கொண்டது 1977-ல் ஓடனும் ஆஷரும் மூன்று, நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த பயிற்சி. அவர்கள் நாலு விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள்: விளையாட்டில் மனசு வைத்துச் சேர்வது, விட்டுக்கொடுத்து முறை வைத்து ஆடுவது, பேசுவதும் கேட்பதும், எதிராளியை ஊக்கப்படுத்துவது. சொல்லிக்கொடுத்ததும் ஒரு வகுப்புத் தோழனோடு விளையாட விட்டு, முடிந்ததும் எப்படி இருந்தது என்று பேசினார்கள். அந்தப் பிள்ளைகளோடு விளையாட மற்றவர்கள் போட்ட மதிப்பு கூடியது, ஒரு வருஷம் கழித்தும் அது நிலைத்தது.

நான் செய்தது: செவ்வாயும் வியாழனும் சோற்றுக்குப் பிறகு, லைப்ரரி மூலையில், கேரம் போர்டு. முதல் ஐந்து நிமிஷம் அவனும் நானும் மட்டும். ‘கேரம்ல விட்டுக்கொடுத்து ஆடறதுன்னா என்ன?’ என்று கேட்டேன். ‘ஜெயிக்க விடறதா டீச்சர்?’ என்றான். ‘இல்ல, அவன் அடிக்கும்போது போர்டை ஆட்டாம இருக்கறது’ என்றேன். சிரித்தான், ஏனென்றால் ஆட்டுவது அவன் வழக்கம். அப்புறம் அவனிடமே உதாரணம் வாங்க வேண்டும், ‘நல்லாப் பழகு’ என்று சொன்னால் அவனுக்கு எதுவும் புரியாது, ‘அவன் காய் விழுந்தா என்ன சொல்லுவே?’ என்று கேட்டால் புரியும். அடுத்து பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஒரு தோழனோடு ஆட்டம், நான் தள்ளி உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன், குறுக்கே பேச மாட்டேன். கடைசி மூன்று நிமிஷம் அவன் மட்டும்: எது சொன்னே, அவன் முகம் எப்படி இருந்தது.

தோழன் யார் என்பதில்தான் சூட்சுமம். முதல் இரண்டு தடவை 5-ஆம் நம்பர், ஏற்கெனவே பிடித்தவன். மூன்றாவதிலிருந்து அவனுக்கு 2 அல்லது 3 போட்டவர்கள். 1 போட்டவர்களைக் கடைசியில்தான் கூப்பிட்டேன், அதுவும் வகுப்பில் செல்வாக்கு உள்ள ஒருவனை. மொத்தம் எட்டு தடவை.

மைதானத்துக்குத் தனிப் பாடம். ஓரமாக நில், யார் பேட்டிங், ஸ்கோர் எவ்வளவு என்று பார். பந்து உன் பக்கம் வந்தால் எடுத்துப் போடு, ஒன்றும் சொல்லாதே. ஓவர் முடிந்ததும் ‘ஃபீல்டிங் நிக்கட்டா’ என்று கேள், பேட்டிங் கேட்காதே. ‘வேண்டாம்’ என்றால் சரி என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போ, அடுத்த நாள் பார். ‘வேண்டாம்’ என்ற பதில் நல்லாப் பழகுகிற பிள்ளைகளுக்கும் அடிக்கடி வரும் என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. ‘லீடருக்கேவா டீச்சர்?’ என்றான். ஜன்னலோரம் நிறுத்திக் காட்டினேன். பதினைந்து நிமிஷத்தில் லீடருக்கு இரண்டு ‘வேண்டாம்’.

பிடிக்காதவங்களைப் பக்கத்துல பக்கத்துல உட்கார வைச்சா சண்டைதானே வரும்?

வரலாம், ஆனால் எப்போதும் இல்லை. நெதர்லாந்தில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவரையொருவர் பிடிக்காத பிள்ளைகளின் இடங்களைச் சில வாரங்கள் கிட்டே கொண்டுவந்தார்கள், ஆரம்பத்தில் போட்ட குறைந்த மதிப்பு மேலே ஏறியது. அடிதடி, மிரட்டல் இருக்கிற ஜோடிக்கு இதைச் செய்யவே கூடாது. மற்றபடி ஒரே பெஞ்சில் ஒட்டி வைக்காமல் ஒரு பெஞ்ச் தள்ளி, நடுவில் இருவருக்கும் பொதுவான ஒருவரை வைத்துத் தொடங்குவது எனக்குச் சரிப்பட்டு வந்தது. சும்மா கிட்டே உட்கார வைத்துவிட்டு வேலை எதுவும் சேர்ந்து கொடுக்காவிட்டால் பயனில்லை.

அப்பா அம்மாகிட்ட இந்த ரிசல்ட்டைக் காட்டலாமா? பி.டி.ஏ.ல?

காட்டவே கூடாது. சீட்டு, தாள், படம் எதுவும் ஸ்டாஃப்ரூம் மேஜையில்கூட விரித்துப் போடக் கூடாது. தாயிடம் தனியாகப் பேசும்போது ‘உங்க பையனுக்கு 14 பேர் ஒன்று போட்டாங்க’ என்று சொன்னால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவனுக்கு அடி விழும், மறுநாள் அந்த 14 பேர் யார் என்ற தேடலும் நடக்கும். ‘இன்டர்வெல்ல விளையாடச் சேர்க்க மாட்டேங்கறாங்கன்னு தோணுது, சனிக்கிழமை 5-ஆம் நம்பர் வீட்டுக்குப் போய் விளையாடட்டும், விடுங்க’ என்பதுதான் நான் சொன்னது. அந்தம்மா விட்டார்.

மறுபடி எப்ப எடுக்கறது? எவ்வளவு மாறும்?

நான் நவம்பர் கடைசியில் எடுத்தேன், ஓணத்துக்கும் கிறிஸ்துமஸ் பரீட்சைக்கும் நடுவே. அதற்கு முன்னால் எடுத்தால் நடத்தை மாறியிருந்தாலும் பெயர் மாறியிருக்காது, ஒரு பையனைப் பற்றி வகுப்பு வைத்திருக்கிற எண்ணம் அவனைவிட மெதுவாகத்தான் நகரும். 

9-க்கு இந்த முறை 3 ஓட்டு, அதில் ஒன்று பரஸ்பரம். 21-க்கு ஒன்றுகள் 14-லிருந்து 9 ஆனது, பையன்கள் போட்டது 8-லிருந்து 4. ஓட்டு 1-லிருந்து 2. வகுப்புச் சராசரியோடு பார்த்தால் இன்னும் ஒதுக்கப்பட்ட பக்கம்தான் நிற்கிறான், பெண்கள் போட்ட ஒன்றில் 6-க்கு 5, கிட்டத்தட்ட அசையவே இல்லை. அந்தப் பக்கம் நான் ஒன்றும் செய்யவில்லை என்பதும் உண்மை. எண்ணைவிட மைதானத்தில் பார்த்தது எனக்குத் தெளிவாக இருந்தது: டிசம்பர் முதல் வாரத்தில் அவன் லாங் ஆன் பக்கம் வேப்பமரத்தடியில் ஃபீல்டிங் நின்றுகொண்டிருந்தான், பந்து அந்தப் பக்கம் வரவே இல்லை, இன்டர்வெல் முழுக்க நின்றான். மணி அடித்ததும் யாரோ ஒருவன் ‘நாளைக்கு நீ ஓப்பனிங்டா’ என்று கத்திக்கொண்டே ஓடினான். மறுநாள் மழை. ஜனவரியில் கேரம் போர்டை மறுபடி எடுத்திருக்கிறேன், இந்த முறை 9-ஆம் நம்பரும் அவள் கூட்டத்திலிருந்து இரண்டு பெண்களும் ஆட வருகிறார்கள்.